கத்திரிப்பூ கலர் ஜெர்சி

எங்க வீட்டுல ஒரு ஜெர்சி விக்கிறதுக்கு முன்னாடி நான் அதப் போட்டுக்கிட்டு ஒரு நாள் வெளிய சுத்திட்டு வரணும். இது என் மருமக வச்ச வழக்கம்.

மருமகளுக்கு இன்டர்நெட்டுல ஒரு சின்னக் கடை. கடைன்னா ஷட்டரு, போர்டு, கல்லாப்பெட்டி ஒண்ணும் கிடையாது. எடமலைப்பட்டி புதூர்ல எங்க வீட்டு உள்ரூம்ல ஒரு இரும்பு ரேக்கு, ஒரு லேப்டாப்பு, பார்சல் ஒட்டுற டேப்பு, அவ்வளவுதான். எங்க ஏரியா கபடி கிளப்புக்கு ஜெர்சி, அரை டவுசர், தொப்பி, துண்டு, சாவிக்கொத்து எல்லாம் அதுல விக்கிறா. கிளப்பு பேர்ல விக்கிற உரிமைய கிளப்புதான் அவளுக்குக் குடுத்திருக்கு. அவங்க எடுத்துக்கிட்டா கடை இல்ல.

ஒவ்வொரு சாமானுக்குக் கீழயும் நாலு வரி எழுதணும். அதப் படிச்சிட்டுத்தான் ஜனங்க வாங்குவாங்க. தொட்டுப் பாக்க முடியாதுல்ல, அதனால. எனக்குப் படிக்க வராது. அவ எழுதி எனக்குப் படிச்சுக் காட்டுவா. நான் போட்டுப் பாத்து சொன்னதத்தான் அவ எழுதுவா. "மாமா, கழுத்துல குத்துதா? உக்காந்தா மேல ஏறுதா? பஸ்ல கம்பியப் பிடிக்கிறப்ப அக்குள் இழுக்குதா?" அப்படின்னு கேப்பா. நான் பாட்டுக்கு சொல்லுவேன்.

ஏன் என்னயப் பிடிச்சான்னு கேட்டா, வீட்டுல பகல்ல இருக்கிற ஆம்பள நான்தான். மகன் லாரி ஓட்டறான், மாசத்துல பாதி நாளு வெளியூரு. நானும் காலமெல்லாம் ஆட்டோ ஓட்டினவன். கண்ணுல புரை வந்து எடுத்ததுக்கப்புறம் மகன் சாவிய வாங்கி வச்சிட்டான். இப்ப என் வேலை ஜெர்சி போட்டுக்கிட்டு ஊரச் சுத்தறது. மேல கபடி ஜெர்சி, கீழ வேட்டி. தெருவுல பொம்பளைங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கும். டீக்கடைக்காரரு, "என்னண்ணே, இன்னிக்கு ரைடா, கேட்ச்சா?" அப்படிம்பாரு. "இன்னிக்கு சப்ஸ்டிட்யூட்டு"ம்பேன்.

மருமக முன்ன சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருந்தா. அங்க ஒரு பாடம் சொல்லிக் குடுப்பாங்களாம். யாரு எதக் கட்டிப் பாத்தாலும் "உங்களுக்காகவே நெய்ஞ்ச மாதிரி இருக்கும்மா"ன்னு சொல்லணும். நான் ஆட்டோ ஓட்டறப்ப அந்த மாதிரி கடைங்களுக்கு மைக் கட்டிக்கிட்டுத் தெருத்தெருவா போயிருக்கேன். பின்னாடி ஒருத்தர் உக்காந்துக்கிட்டு, வரலாறு காணாத தள்ளுபடி, வரலாறு காணாத தள்ளுபடின்னு கத்துவாரு. தை மாசமும் வரலாறு காணாது, ஆடி மாசமும் வரலாறு காணாது. மத்தியானம் உறையூர்ல வண்டிய நிறுத்தி ரெண்டு பேரும் தயிர்சாதம் சாப்பிடுவோம். அவரு தொண்டை கட்டிப்போய் சைகையிலயே ஊறுகா கேப்பாரு. நல்ல மனுசன். அது இருக்கட்டும். மருமக ஒரு நாளு யாரோ ஒரு அம்மாகிட்ட, "இந்தச் சிவப்பு மொத தண்ணிலயே சாயம் போகும்மா, வெள்ளையோட சேத்துப் போட்டுறாதீங்க"ன்னு சொல்லிட்டா. அந்த அம்மா சேலைய வச்சிட்டுப் போயிட்டாங்க. சாயந்தரமே இவளையும் அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரோடயும் பேசாம அரிசி புடைச்சிக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறம் அவளா ஒண்ண ஆரம்பிச்சா பாருங்க, அதுதான் இந்தக் கடை. அதனாலதான் அது போயிரக் கூடாதுன்னு எனக்கு அவ்வளவு பயம்.

இந்தத் தடவ கிளப்பு புது ஜெர்சி அடிச்சிச்சு. திருப்பூர்லேருந்து மூட்டை வந்து இறங்கிச்சு. பாலியஸ்டர் துணி, சின்னச் சின்ன ஓட்டை ஓட்டையா இருக்கும். கலரு கத்திரிப்பூ கலரு. நம்பரும் பேரும் மட்டும் வாங்கறவங்க கேக்கறபடி தனியா சூடு வச்சு ஒட்டறது. அத கிளப்புக்குத் தெரிஞ்ச பிரிண்டிங் கடைல ஒட்டித் தருவாங்க.

வழக்கம்போல ஒண்ணு எடுத்து என்கிட்ட குடுத்தா. அதப் போட்டுக்கிட்டு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். அங்க எனக்கு ஒரு அக்கா மக இருக்கு, அதப் பாத்துட்டு, அப்படியே அம்மா மண்டபம் படித்துறைல இறங்கினேன். ஆத்துல தண்ணி போயிட்டிருந்துச்சு. ஜெர்சியோடவே ஒரு முழுக்குப் போட்டேன். தர்ப்பணம் பண்ணி வைக்கிற சாமி ஒருத்தரு படியில உக்காந்திருந்தாரு. என்னயப் பாத்துட்டு, "என்ன ஓய், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல மோட்சமா?"ன்னாரு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. "ஆமா சாமி, இடம் காலி இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க"ன்னேன்.

கரையேறி ராஜகோபுரம் வரைக்கும் நடந்து, ஒரு காப்பி குடிச்சு, பஸ் ஏறிச் சத்திரம் வர்றதுக்குள்ள ஜெர்சி காஞ்சுபோச்சு. வேட்டி இன்னும் ஈரமாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் மருமக கேக்க ஆரம்பிச்சா. சீக்கிரம் காயுது, காத்து நல்லா வருதுன்னேன். ஆனா நான் எப்பவும் போடற சைஸு, இது வயித்தப் பிடிக்குது. கழுத்து சிறுசு, தல நுழைக்க மல்லுக்கட்டணும். மறுநாள் இன்னொண்ணும் சொன்னேன், பகலெல்லாம் வேர்த்ததுல ஒரு வாடை அதுலயே தங்கிப்போச்சு. ராத்திரி கழட்டிப் போட்டத காலைல நானே மூக்குக்கிட்ட கொண்டு போகல.

அவ இஞ்ச் டேப்ப எடுத்து ஜெர்சியத் தரையில விரிச்சு அக்குளுக்கு அக்குள் அளந்தா. ஒவ்வொரு சைஸையும் அளந்தா. அப்புறம் மாடில கொண்டு போயி வெளிச்சத்துல போட்டோ எடுத்தா. எடுத்துட்டு, "பாருங்க மாமா, நீலமா வருது"ன்னா. ஆமா, கையில கத்திரிப்பூ, செல்லுல அசல் நீலம். நிழல்ல வச்சுப் பாத்தா, வெயில்ல வச்சுப் பாத்தா, நீலந்தான். கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணினா, அப்பவும் முழுசா வரல. சரின்னு எழுதினா. எழுதினத எனக்குப் படிச்சா:

"போட்டோவில் நீலமாகத் தெரியும். நேரில் கத்திரிப்பூ கலர். உடம்பைப் பிடிக்கும் அளவு. உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு டி ஷர்ட்டைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து, கீழே உள்ள அளவோடு பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு சைஸ் பெரியது எடுங்கள். வேர்வை வாடை தங்கும். நம்பர் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்க வேண்டாம். பேர் ஒட்டிய ஜெர்சியைத் திருப்பி வாங்க முடியாது."

நல்லாத்தான் இருக்குன்னேன். எல்லாம் நெசம்.

கிளப்பு செயலாளர் டைல்ஸ் கடை வச்சிருக்கிறவரு. நல்ல மனுசன்தான். பசங்க வெளியூர் மேட்ச்சுக்குப் போறப்ப தன் சொந்த வேன குடுப்பாரு. அவருக்கும் அந்தக் கடையோட பாஸ்வேர்டு தெரியும். மருமக எழுதினதப் படிச்சிட்டு, அவரே உள்ள போயி எல்லாத்தையும் அழிச்சிட்டு மாத்திட்டாரு. உலகத் தரம். வேர்வையே ஒட்டாது. வாழ்நாள் முழுக்க நிறம் மாறாது. சாம்பியன்களின் தேர்வு. யாருக்கும் கச்சிதமாகப் பொருந்தும். இத மருமக படிச்சுக் காட்டினப்ப எனக்கு மைக் செட்டுக்காரரு ஞாபகந்தான் வந்துச்சு.

ஆர்டர் மளமளன்னு வந்துச்சு. அத மறைக்கக் கூடாது. அவ எழுதினப்ப வந்தத விட அதிகமா வந்துச்சு. செயலாளர் போன் பண்ணி, "பாத்தியாம்மா? அடுத்த சீசனுக்கும் இப்படி எழுதினா நீ நடத்து. உன்னால முடியாதுன்னா சொல்லு, சென்னைல ஒரு டீலரு கேட்டுக்கிட்டே இருக்கான், அவன்கிட்ட குடுத்துர்றேன்"னாரு. கோவமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாரு. அதனாலதான் சொன்னபடி செஞ்சிருவாருன்னு எனக்குத் தோணுச்சு.

மருமக போன வச்சிட்டு ரேக்கப் பாத்துக்கிட்டே நின்னா. மறுநாள் எல்லாத்தையும் பிரிண்டிங் கடைக்கு அனுப்பணும். பேரு ஒட்டியாச்சுன்னா அப்புறம் மாத்த வழியில்ல. சின்னதாப் போனா சின்னதுதான், வாங்கினவன் தலையெழுத்து.

"என்னம்மா பண்ணப் போற?"

"ஒட்டறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் போன் பண்ணப் போறேன் மாமா."

"அத்தன பேருக்குமா?"

"பேரு போட்டவங்க எல்லாருக்கும்."

அப்படியே உக்காந்துட்டா. நான் பக்கத்துல தரையில உக்காந்து, அவ சொல்ற சைஸுக்கு மூட்டைலேருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரே மாதிரிதான் சொன்னா. கடைல எழுதியிருக்கிறது கொஞ்சம் கூடுதலா இருக்குங்க, இது உடம்பப் பிடிக்கும், போட்டோவுல தெரியற நீலம் இல்ல, என்ன பண்ணலாம் சொல்லுங்க. ஒரு பையன், "அக்கா, எனக்கு நீலந்தான் வேணும், எங்க மோட்டார் சைக்கிளுக்கு மேட்ச்சா கேட்டேன்"னு வேணாம்னுட்டான். ரொம்ப பேரு ஒரு சைஸ் கூட்டிக்கிட்டாங்க. ஒருத்தரு, "கம்பெனிக்காரங்களே போன் பண்ணி எங்க சரக்கு இறுக்கும்னு சொல்றத இப்பத்தாம்மா கேக்கறேன்"னு சிரிச்சாரு.

மத்தியானத்துக்கு மேல செயலாளர் ஸ்கூட்டர்ல வந்துட்டாரு. ஆர்டர வேணாம்னு சொன்ன பையன் அவருக்குத் தெரிஞ்ச பையன் போலருக்கு. வாசல்லயே செருப்பக் கழட்டிக்கிட்டே ஆரம்பிச்சிட்டாரு.

"ஏம்மா, நீ கிளப்புக்கு விக்கிறியா, கிளப்பு பேரக் கெடுக்கறியா?"

"உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க."

"தண்ணி கிடக்கட்டும். வாடை தங்கும், வாடை தங்கும்னு எழுதி வச்சா எவன்மா வாங்குவான்? நம்ம ஜெர்சில நல்லது ஒண்ணுகூட உன் கண்ணுக்குத் தெரியலையா? இது நம்ம டீம்ல தொடை தட்டற பசங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து கலர் பாத்து எடுத்தது. நெஞ்சுல இருக்கிற சின்னத்த நம்ம கேட்ச்சர் பையன் நோட்டுல வரைஞ்சான். அதப் பத்தி ஒரு வரி எழுதினியா நீ?"

மருமகளுக்கு மூஞ்சி மாறிப்போச்சு. "இல்லண்ணே. அது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல"ன்னா. எனக்கும் தெரியாது. நானும் அந்தச் சின்னத்த கடைலேருந்து வாங்கினதுன்னே நெனச்சேன்.

அப்ப அவ கையில போன் அடிச்சிச்சு. காலைல கூப்பிட்டு எடுக்காத நம்பரு. ஸ்பீக்கர்ல போட்டா, அவ கை ரெண்டும் வேலையா இருக்கும்கிறதால எல்லாத்தையும் ஸ்பீக்கர்லதான் போடுவா.

ஒரு அம்மா பேசினாங்க. திருவெள்ளறைலேருந்து. வயக்காட்டுல இருந்தேம்மா, இப்பத்தான் பாத்தேன்னாங்க. வீட்டுக்காரருக்காக வாங்குறாங்களாம். அவரு சின்ன வயசுல அந்தப் பக்கமெல்லாம் பேர் சொல்ற கபடிக்காரராம். இப்ப ஒரு பக்கம் வாதம் வந்து, வலது கை தூக்க வராதாம்.

"யாருக்கும் கச்சிதமாப் பொருந்தும்னு போட்டிருந்துச்சும்மா. எம்மகதான் படிச்சுக் காட்டினா. அதான் தைரியமா அவரு பேரையும் போடச் சொல்லிட்டேன். நல்லா பொருந்துமில்ல?"

செயலாளர் குடிக்க எடுத்த தண்ணிச் சொம்பக் கீழ வச்சாரு.

மருமக மெதுவா சொன்னா. "அம்மா, இதுல பட்டன் கிடையாதும்மா. தலைவழியாத்தான் மாட்டணும். கழுத்தும் சிறுசு. வீட்டுல அவருக்கு இப்ப என்ன போட்டு விடறீங்க?"

"முன்னாடி தொறக்கற சட்டைதாம்மா. பனியன்னா, விழுந்த கையத்தான் முதல்ல நுழைக்கணும். அப்புறம் தல. நல்ல கை கடைசில, அவரே நுழைச்சுக்குவாரு. தொளதொளன்னு இருந்தாத்தான் முடியும்."

"போன வச்சிராதீங்க. ஒரு நிமிசம் இருங்க"ன்னு சொல்லிட்டு மருமக என்னயப் பாத்தா. அவ கேக்கறதுக்கு முன்னாடியே நான் எந்திரிச்சிட்டேன்.

வலது கையத் தொங்கவிட்டேன். சொந்தமா அசைக்கவே மாட்டேன்னு வச்சிக்கிட்டேன். அந்த அம்மா கேட்ட சைஸ, நான் எப்பவும் போடறதும் அதுதான், எடுத்து முதல்ல அந்தக் கைல மாட்டி விட்டா. தோள் வரைக்கும் வந்துச்சு. தலையக் குனிஞ்சேன். கழுத்து மூக்குல வந்து நின்னுக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. நல்ல கை உள்ள மாட்டிக்கிச்சு. கண்ணு முன்னாடி முழுக்க கத்திரிப்பூ. மூச்சு முட்டுது. "ஏம்மா, ஏம்மா"ங்கறேன், துணிக்குள்ள சத்தம் எனக்கே கேக்கல. அப்ப ரெண்டு பெரிய கை வந்து இடுப்புகிட்ட பிடிச்சு, "இருங்க பெரியவரே, பதறாதீங்க, நான் இழுக்கறேன்"னு மெதுவா மேல உருவி எடுத்துச்சு. பாத்தா செயலாளர். வெளிய வந்தப்ப எனக்கு முடியெல்லாம் நட்டுக்கிட்டு நின்னுச்சு. மருமகளுக்குச் சிரிப்பும் வருது, போன்ல அந்த அம்மா இருக்காங்கன்னு அடக்கவும் செய்யறா.

அதுக்கு அடுத்த சைஸு. அதுவும் தோள்ல இடிச்சுது. அதுக்கும் அடுத்தது எடுத்தா. இந்தத் தடவ செயலாளரே பிடிச்சு மாட்டி விட்டாரு, என் தொங்கற கைய ஒரு குழந்தை கையப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கைல தாங்கிக்கிட்டு. விரலு ஒவ்வொண்ணா துணில மாட்டாமப் பாத்து விட்டாரு. கை நுழைஞ்சுது, தலை கொஞ்சம் உரசிக்கிட்டு நுழைஞ்சுது, நல்ல கை தானா வந்துச்சு.

மருமக போன்ல சொன்னா: "அம்மா, நீங்க கேட்டதுக்கு ரெண்டு சைஸ் பெருசு எடுத்தா போட்டு விடலாம். காது மட்டும் கொஞ்சம் உரசும், பாத்துக்கங்க. நீளம் தொடை வரைக்கும் வரும், பாக்கறதுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்காது. பரவாயில்லையா? இல்ல, பேரு போட்டு ஒரு துண்டு தரட்டுமா? தோள்ல போட்டுக்கலாம்."

அந்த அம்மா, "துண்டு அவருகிட்ட நிறையா இருக்கும்மா. ஜெர்சியே குடு. நீளமா இருந்தா நல்லதுதான், குளிருக்கு ஆச்சு"ன்னாங்க. வைக்கிறப்ப, "நீங்க சொல்லலைன்னா நான் அந்தச் சின்னத வச்சி அவரோட மல்லுக்கட்டியிருப்பேன். அவரும் தன் உடம்பத்தான் நொந்துக்குவாரு"ன்னாங்க.

போன் கட்டாயிருச்சு. செயலாளர் நின்னபடியே என் மேல இருந்த ஜெர்சிய உருவி, மடிச்சாரு. டைல்ஸ் கடைக்காரரு, துணி மடிக்க வரல, ஒரு கை வெளியவே நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

"யாருக்கும் பொருந்தும்னு நான்தான் எழுதினேன்"னாரு. மருமக உள்ள போயி டீ போட்டா.

அப்புறம் ரெண்டு பேரும் லேப்டாப் முன்னாடி உக்காந்து சாயந்தரம் வரைக்கும் மல்லுக்கு நின்னாங்க பாருங்க, அது ஒரு கபடி.

"சாம்பியன்களின் தேர்வு மட்டும் இருக்கட்டுமே."

"இந்த ஜெர்சியப் போட்டு இன்னும் ஒரு மேட்ச்சு ஆடலயேண்ணே. ஜெயிச்சது பழைய ஜெர்சில."

"சரி, எடு. வாடை?"

"வாடைன்னு வேணாம். 'போட்ட அன்றைக்கே அலசிப் போடுங்கள், பஸ்ஸில் வீட்டுக்கு வருவதற்குள் காயும் துணி'ன்னு போடறேன். மாமா ஆத்துல முங்கிட்டு வந்து பாத்தது."

"அட, இது நல்லாருக்கே! இத ஏன் முன்னாடியே எழுதல?"

"வாடையவே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேண்ணே."

சின்னத்தப் பத்தி அவரு சொல்லச் சொல்ல எழுதினா: எங்கள் அணியின் கேட்ச்சர் வரைந்தது, கலர் வீரர்கள் தேர்ந்தெடுத்தது. கத்திரிப்பூ அப்படியே இருந்துச்சு. அளவு இருந்துச்சு. கடைசில புதுசா ஒண்ணு சேத்தா: "கை தூக்க முடியாதவர்களுக்கு வாங்குவதாக இருந்தால், வழக்கமான அளவை விட ரெண்டு சைஸ் பெரியதாக எடுங்கள். தலை வழியாக மாட்டுவது. வாங்கும் முன் ஒரு போன் பண்ணுங்கள், போட்டுப் பார்த்துச் சொல்கிறோம்."

செயலாளர் அதப் படிச்சிட்டு எதையும் எடுக்கச் சொல்லல. சென்னை டீலரப் பத்தி மருமகளே கேட்டா. "அவன் கிடக்கான்"னாரு. "அந்தப் பாஸ்வேர்ட மாத்திரும்மா. எனக்குச் சொல்லாத. தெரிஞ்சா கை அரிக்கும்." ஸ்கூட்டர எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. மருமக வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து, எனக்கு ரெண்டாவது டீ போட்டுக் குடுத்தா. சர்க்கரை இருக்குன்னு ரெண்டாவது டீ குடுக்கவே மாட்டா அவ.

அதுக்கப்புறம் விக்கிறது முன்ன மாதிரி மளமளன்னு இல்ல. நிதானமா விக்கிது. இறுக்குது, கலர் வேறன்னு திரும்பி வர்ற பார்சலு அபூர்வம்.

ஜெர்சி போயிச் சேந்து கொஞ்ச நாள் கழிச்சு திருவெள்ளறை அம்மா ஒரு போட்டோ அனுப்பினாங்க. வீட்டு முன்னாடி பிளாஸ்டிக் நாற்காலில அவரு உக்காந்திருக்காரு. ஜெர்சி தொடைக்குக் கீழ வருது, தோள் ரெண்டும் இறங்கிக் கிடக்கு. போட்டோ எடுக்கறவங்களுக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்காரு. பேரு தெரியணும்ல, அதுக்காக. தலைய மட்டும் திருப்பி நம்மளப் பாக்கறாரு, ஒரு பக்கச் சிரிப்பு.

செயலாளர் அன்னிக்கு வீட்டுலதான் இருந்தாரு. செல்ல வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. "இத கடைல போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்மா"ன்னாரு.

"அவங்க நமக்கு அனுப்பினதுண்ணே. கடைக்கு அனுப்பல."

"கேட்டா சரிம்பாங்களே."

"சரிதான் சொல்லுவாங்க. நம்ம மேல இருக்கிற பிரியத்துல சொல்லுவாங்க. அதனாலதான் கேக்க வேணாங்கறேன்."

அவரு மறுபடியும் ஒரு தடவ போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தாரு. பாத்துட்டு, "எனக்கு மட்டும் அனுப்பு. பசங்ககிட்ட காட்டிட்டு அழிச்சிர்றேன்"னாரு. மருமக அனுப்பினா.